கிடைத்ததா, வாங்கினானா, பட்டதா?



ஆங்கிலத்தைத் தமிழாக்கும்போது நம் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைப்பது நீளமான சொல் அல்ல. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள 'கெட்' என்ற சின்னச் சொல்தான். இறந்த காலத்தில் இது 'காட்' ஆகும். சோறு கெட்டது, பால் கெட்டது என்கிறோமே, அந்தக் 'கெட்'டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆனால் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் நம் வாக்கியம் கெட்டுப்போவது உண்மை.

'கெட்' ஆங்கிலேயருக்கே வெளியிலிருந்து வந்த சொல். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்கள் பேசிய மொழியிலிருந்து அது அங்கே நுழைந்தது. அடைதல் என்றும், பிள்ளை பெறுதல் என்றும் அந்த மொழியில் அதற்குப் பொருள். நம் 'பெறு' என்ற சொல்லைப் பாருங்கள். பரிசு பெற்றான் என்கிறோம், பிள்ளை பெற்றாள் என்கிறோம். அம்மாவையும் அப்பாவையும் பெற்றோர் என்கிறோம். உறவில்லாத இரண்டு மொழிகள் இந்த ஓர் இடத்தில் ஒன்றுபோல் நினைத்திருக்கின்றன.

ஆனால் அந்த ஒற்றுமை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கெட்' வளர்ந்து வளர்ந்து எல்லா வேலையும் செய்யும் சொல்லாகிவிட்டது. தமிழில் 'பெறு' அப்படி வளரவில்லை. பட்டம் பெற்றார், அனுமதி பெற்றார், ஓய்வு பெற்றார் என்று கொஞ்சம் மரியாதையான இடங்களில்தான் அது நிற்கிறது. இதைக் கவனிக்காத பிள்ளை, அகராதியில் 'கெட்' என்பதற்கு எதிரே முதலில் 'பெறு' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "நான் பஸ்ஸைப் பெற்றேன்", "தம்பி காய்ச்சலைப் பெற்றான்" என்று எழுதிவிடுகிறது. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எங்கே தவறு என்று மட்டும் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு பார்ப்போம். கதைக்காக நானே கட்டிய கடிதம்தான். செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் வேலைக்கு நேர்முகம் போய் வந்ததைத் தன் சிநேகிதனுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறான். சிறிய கடிதம்தான், ஆனாலும் அதில் பன்னிரண்டு இடத்தில் 'கெட்' வருகிறது. ஆங்கிலேயர் யாரும் அதைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பேசுவதும் அப்படித்தான்.

முதல் வரியில் 'காட் எ லெட்டர்' என்கிறான். தமிழில் கடிதம் நமக்கு வருகிறது. "கடிதம் வந்தது" என்றால் போதும். அடுத்தது 'காட் அப்'. காலை ஐந்து மணிக்கு எழுந்தான். இங்கே எதையும் அவன் பெறவில்லை, அடையவில்லை. படுத்திருந்தவன் எழுந்தான், அவ்வளவுதான். மூன்றாவது 'காட் த பஸ்'. "பஸ் பிடித்தேன்" என்று எழுதலாம். நெடுநேரம் காத்து நின்ற பிறகு வந்தது என்றால் "பஸ் கிடைத்தது" என்று எழுதலாம். நான்காவது 'கெட்டிங் லைட்'. வெளிச்சத்தை யாரும் வாங்கவில்லை. பொழுது விடிந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது 'காட் டு த ஜெட்டி'. பட்டர்வொர்த் ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். பெர்ரியில் ஏறி அக்கரையில் இறங்கிப் பினாங்கு வீதியை நோக்கி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. 'காட் வெட்' என்கிறான். நனைந்துவிட்டான். கடையில் விண்ணப்ப பாரத்தை எழுதிவிட்டு, அங்கிருந்த கிராணியைச் சரிபார்க்க வைத்தான். அது 'காட் த கிளார்க் டு செக்'. முதலாளி வேகமாகப் பேசினார். 'டிட் நாட் கெட்' என்கிறான். அவர் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. இருந்தும் 'காட் த ஜாப்'. வேலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் 'காட் எ ஷர்ட்', அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கினான். 'காட் ஹோம் லேட்', இருட்டியபின் வீடு வந்து சேர்ந்தான். 'காட் ஸ்கோல்டெட்', அம்மாவிடம் திட்டு வாங்கினான்.

எண்ணிப் பாருங்கள். வந்தது, எழுந்தேன், பிடித்தேன், விடிந்தது, சேர்ந்தேன், நனைந்தேன், வைத்தேன், புரியவில்லை, கிடைத்தது, வாங்கினேன் என்று ஒரு 'கெட்'டுக்குத் தமிழில் பத்து வினைச்சொற்கள் வந்துவிட்டன. 'சேர்ந்தேன்' ஒன்றும் 'வாங்கினேன்' ஒன்றும்தான் இரண்டு முறை வந்தவை. 'பெறு' ஓரிடத்திலும் வரவில்லை.

இந்தப் பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'கெட்' என்பது ஒரு மாற்றத்தை மட்டும் சொல்லுகிறது. இல்லாதது வந்தது, இங்கே இருந்தவர் அங்கே போனார், உலர்ந்திருந்தது நனைந்தது. என்ன மாற்றம் என்பதை அதற்குப் பின்னால் வரும் சொல்தான் சொல்லும். ஆகவே 'கெட்'டைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் நிற்பதைப் பாருங்கள். பின்னால் இடம் வந்தால் தமிழில் 'போய்ச் சேர்' அல்லது 'வந்து சேர்'. பின்னால் ஒரு நிலைமை வந்தால், அந்த நிலைமைக்கே தமிழில் வினைச்சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நனை, களை, மெலி, சலி, கோபி என்று பெரும்பாலும் இருக்கும். இல்லாதபோது 'ஆகு' கை கொடுக்கும். இருட்டாகிவிட்டது, தாமதமாகிவிட்டது என்று எழுதலாம்.

சிக்கல் எல்லாம், பின்னால் ஒரு பொருள் வரும்போதுதான். கடிதம், வேலை, லீவு, பணம், காய்ச்சல், அடி எல்லாமே ஆங்கிலத்தில் 'கெட்' ஒன்றிலேயே அடங்கும். தமிழ் அப்படி விடாது. அந்தப் பொருள் தானாக வந்ததா, கேட்டதற்குக் கொடுக்கப்பட்டதா, காசு கொடுத்து எடுத்ததா, தலையில் வந்து விழுந்ததா என்று நம் மொழி கேட்கும். பதிலைச் சொன்னால்தான் வினைச்சொல் வரும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கொடுப்பதற்கு மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்லுகிறது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் கேட்கும்போது 'ஈ', சமமானவர்கள் கேட்டுக்கொள்ளும்போது 'தா', மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்கும்போது 'கொடு'. இன்று நாம் அந்த மூன்றையும் அப்படிப் பிரிப்பதில்லை. ஆனாலும் கொடுப்பதிலும் வாங்குவதிலும் யார் யாருக்கு என்று கேட்கும் குணம் மட்டும் நம் மொழியை விட்டுப் போகவில்லை.

'கிடை' என்ற சொல்லையும் 'வாங்கு' என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எனக்குச் சம்பளம் கிடைத்தது" என்கிறோம். "நான் சம்பளம் வாங்கினேன்" என்கிறோம். முதல் வாக்கியத்தில் 'எனக்கு' என்று வந்துவிட்டது, எழுவாய் சம்பளம். அது என்னிடம் வந்து சேருகிறது. இரண்டாவதில் எழுவாய் 'நான்'. நான் கை நீட்டுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டிலும் 'ஐ காட்' என்றே இருக்கும். 'ஐ' என்றதும் 'நான்' என்று எழுதிவிடுவதுதான் பிள்ளைகள் முதலில் சறுக்கும் இடம். பொருள் தானாக வந்தது என்றால் அந்த 'ஐ' தமிழில் 'எனக்கு' ஆகிவிடும். 'நான் வேலை கிடைத்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேலை கிடைத்தவனைப் பற்றி "வேலை வாங்கினான்" என்று எழுதிவிட்டால் பொருள் தலைகீழாகிவிடும். வேலை வாங்குகிறவர் கங்காணியார். மற்றவர்களை உழைக்க வைப்பதற்கு அந்தப் பேர். "மாமா அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்" என்றாலோ மறுபடி பொருள் மாறி, மாமா யாரிடமோ சொல்லி அவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததாக ஆகிறது.

லீவு விஷயமும் அப்படித்தான். 'காட் லீவ்' என்பது ஆங்கிலம். "லீவு கிடைத்தது" என்றால் கேட்டான், மேலே இருப்பவர் கொடுத்தார். "லீவு எடுத்தான்" என்றால் அவனாக எடுத்துக்கொண்டான். கேட்டானா, இல்லையா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. அண்ணன் ஏன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்று யாராவது விசாரிக்கும்போது, இந்த இரண்டில் எதைச் சொல்லுகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

இனி நல்லதும் கெட்டதும். இந்த இடத்தில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுக்கு மலாய் தெரியும். ஆங்கிலத்தில் ஒரே 'கெட்'டாக இருப்பதை மலாய் இரண்டு சொல்லாகப் பிரித்துவிடுகிறது. கடிதமோ பரிசோ வந்தால் 'டாப்பாட்'. அடியோ சம்மனோ விழுந்தால் 'கெனா'. பினாங்குச் சந்தையில் தமிழர் பேசும்போதும் இந்தக் 'கெனா' நடுவில் வந்து நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே 'கெட்'டைப் பார்த்ததும் பிள்ளையிடம், "மலாயில் இது டாப்பாட்டா, கெனாவா?" என்று கேளுங்கள். டாப்பாட் என்றால் பெரும்பாலும் தமிழில் 'கிடை', 'வா', 'பெறு' ஆகியவற்றில் ஒன்று வரும். கெனா என்றால் பெரும்பாலும் 'படு', 'மாட்டு', 'வாங்கு' ஆகியவற்றில் ஒன்று வரும். அடிபட்டான், பிடிபட்டான், போலீஸில் மாட்டினான், திட்டு வாங்கினான் என்று எழுதலாம்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 'டாப்பாட்' என்ற சொல்லுக்கு முடியும் என்றும் பொருள் இருக்கிறது. போக முடியவில்லை என்பதற்கும் மலாயில் 'தாக் டாப்பாட்' என்பார்கள். அங்கே 'கிடைக்கவில்லை' என்று எழுதினால் தவறு. காய்ச்சலுக்கு இரண்டுமே வேண்டாம். தமிழில் காய்ச்சல் நமக்கு வருகிறது, சளி நமக்குப் பிடிக்கிறது. தண்டனைக்கோ 'கிடைத்தது' என்றே எழுதலாம், ஏனென்றால் நீதிபதி அளந்து கொடுத்தது அது. "அவனுக்கு நல்ல அடி கிடைத்தது" என்று சொன்னால் வேறு ஒரு பொருள் வந்துவிடும்: அவனுக்கு அது வேண்டியதுதான் என்று சொல்லுகிறவர் நினைக்கிறார்.

இதுவரை பார்த்தவை பள்ளிக்கூடப் பயிற்சிக்கு உதவும். இனிச் சொல்வது வீட்டுக்கும் உதவும்.

இரண்டு ஆங்கில வாக்கியங்கள். ஒன்று 'ஹீ காட் ஹிஸ் ஹேர் கட்'. மற்றது 'ஹீ காட் ஹிஸ் ஃபிங்கர் கட்'. முடி என்ற இடத்தில் விரல் வந்திருக்கிறது. வேறு எந்த வித்தியாசமும் இல்லை, இலக்கண அமைப்பு ஒன்றேதான். தமிழில் முதல் வாக்கியம், "அவன் முடி வெட்டிக்கொண்டான்." வெட்டியவர் முடி வெட்டுகிற கடைக்காரர்தான். ஆனாலும் இவனாகப் போய், தனக்காகச் செய்துகொண்ட காரியம் என்பதால் 'கொண்டான்' சேருகிறது. தன் விருப்பத்தையும் தன் பொறுப்பையும் காட்டுவது அந்தக் 'கொள்'தான்.

இரண்டாவது வாக்கியத்தையும் அதே அச்சில் போட்டு, "அவன் விரலை வெட்டிக்கொண்டான்" என்று எழுதினால் என்ன ஆகும்? இலக்கணத்தில் பிழை இல்லை. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது கை தவறி வெட்டிக்கொண்டால் இப்படித்தான் சொல்லுவோம். ஆனால் தொழிற்சாலையில் இயந்திரம் வெட்டிய விரலுக்கும் இதையே எழுதினால், வெட்டியவன் அவனே என்று ஆகிவிடுகிறது. இயந்திரம் வாக்கியத்தை விட்டே காணாமல் போய்விடுகிறது. "இயந்திரத்தில் சிக்கி அவன் விரல் வெட்டுப்பட்டது" என்பதே நடந்ததைச் சொல்லும் வாக்கியம். அங்கே எழுவாய் விரல், வினை 'பட்டது'. அவன் செய்தான் என்று ஓர் எழுத்தும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன்? 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் தொடங்கப்பட்ட சொக்சோ, வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு உதவித்தொகை கொடுக்கும் அமைப்பு. அடிபட்டது எப்போது, எங்கே, எப்படி என்று அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அடிபட்டவருக்குத் தமிழ்தான் நன்றாக வரும். அவர் சொல்வதை வேறு ஒருவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவார். நம்மவர்கள் பழக்கத்தில், "கையை வெட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதுகிறவர் அதை அப்படியே, தன் கையைத் தானே வெட்டிக்கொண்டதாக எழுதிவிடலாம். பிறகு அது எப்படி நடந்தது என்று மறுபடி விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "இன்ன இயந்திரத்தில், இன்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது, என் விரல் சிக்கி வெட்டுப்பட்டது" என்று முதலிலேயே சொன்னால், எழுதுகிறவருக்கு வேறு மாதிரி எழுத இடமே இருக்காது.

திரும்பி வரும்போதும் அதே கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி வந்த தாளில் 'காட் ஹர்ட்' என்றோ 'காட் கட்' என்றோ இருந்தால், அதைப் படித்துச் சொல்லும் பிள்ளை, "அப்பா காயப்படுத்திக்கொண்டார் என்று போட்டிருக்கிறது" என்று சொல்லக் கூடாது. அந்த ஆங்கிலம் யார் செய்தார்கள் என்று சொல்லவே இல்லை. "அப்பாவுக்குக் காயம் பட்டது" என்பதுதான் அதன் அளவுக்குச் சரியான தமிழ். மூலத்தில் இல்லாத பழியை மொழிபெயர்க்கிறவர் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. அங்கே எழுதியிருக்கும் பழியை மறைக்கவும் கூடாது. 'கட் ஹிம்செல்ஃப்' என்று இருந்தால் அது வேறு. அது தானே வெட்டிக்கொண்டதைச் சொல்லுகிறது, அப்படியே படித்துச் சொல்ல வேண்டும். அது தவறு என்று அப்பா சொன்னால், கையெழுத்துப் போடும் முன் அதைத் திருத்தித் தரக் கேட்கலாம்.

ஆக, 'கெட்'டைத் தமிழாக்கும்போது கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். பின்னால் நிற்பது என்ன? அதைச் செய்தது யார்? இடமா, நிலைமையா, பொருளா என்பதை முதல் கேள்வி பிரித்துக் கொடுக்கும். கிடைத்ததா, வாங்கினானா, பட்டதா, செய்துகொண்டானா என்பதை இரண்டாவது கேள்வி பிரித்துக் கொடுக்கும். ஆங்கில வாக்கியம் மட்டும் பதில் சொல்லாவிட்டால், முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படியுங்கள். அங்கேயும் பதில் இல்லையென்றால், யாரையும் செய்தவராக ஆக்காத வினைச்சொல்லையே போடுங்கள்.

வழக்கம்போல் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. 'காட் மேரிட்' என்பதற்குத் தமிழில் மூன்று வாக்கியம் எழுதலாம். "அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று", "அக்கா கல்யாணம் செய்துகொண்டாள்", "அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள்". மூன்றிலும் அக்கா ஒருத்திதான், மாப்பிள்ளையும் ஒருவர்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் முடிவு செய்தது யார் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த மூன்றின் வித்தியாசத்தை அவரை விட நன்றாக விளக்கக்கூடியவர் வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டார்.